ஒரு வாக்குறுதியை நம்பி: முராபஹா, சுகூக், தகாஃபுல் நிற்கும் இடம்

புத்தளத்தில் உப்பு ஏற்றிச் செல்லும் ஒருவர் லொறி வாங்க நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். விலை 36 லட்சம் ரூபாய். கையில் அவ்வளவு இல்லை, வட்டிக்கு வாங்க மனமும் இல்லை. வட்டியில்லா வங்கிக்குப் போகிறார். அங்கே அவர் முன்னால் நான்கு தாள்கள் வரும்.

முதல் தாளில், "நீங்கள் இந்த லொறியை வாங்கினால் நான் அதை உங்களிடமிருந்து வாங்கிக்கொள்வேன்" என்று அவர் எழுதிக் கொடுக்கிறார். இரண்டாவது தாளில், கடைக்குப் போய் வண்டியைப் பார்த்து எடுக்க வங்கி அவரையே தன் முகவராக நியமிக்கிறது. மூன்றாவது, லொறி விற்பவர் வங்கியின் பெயருக்குப் போடும் பில். நான்காவதுதான் விற்பனை ஒப்பந்தம்: வங்கி 36 லட்சத்துக்கு வாங்கியதைச் சொல்லி, 7 லட்சத்து 20 ஆயிரம் லாபம் வைத்து, 43 லட்சத்து 20 ஆயிரத்துக்கு அவருக்கு விற்கிறது. மாதம் 1,20,000 ரூபாய் வீதம் 36 தவணை. வாங்கிய விலையையும் லாபத்தையும் வெளிப்படையாகச் சொல்லி விற்கும் இந்த வியாபாரத்துக்கு முராபஹா என்று பெயர்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் சாதாரண வங்கிக் கடனும் ஏறக்குறைய இதே தவணையில்தான் வந்து நிற்கும். "அப்புறம் என்ன வித்தியாசம், பெயரைத்தானே மாற்றியிருக்கிறார்கள்?" என்று யாராவது கேட்காத பள்ளிவாசல் திண்ணை இருக்காது. நியாயமான கேள்விதான். அதற்கான பதில் தொகையில் இல்லை. முதல் தாளுக்கும் நான்காவது தாளுக்கும் நடுவே இருக்கும் இடைவெளியில் இருக்கிறது. இன்றைய இஸ்லாமிய நிதித்துறையின் பெரும்பகுதி அந்த இடைவெளியைப் பற்றிய வாதம் என்றே எனக்குத் தோன்றுகிறது. அந்த வாதத்தை லொறியில் தொடங்கி, கடன்பத்திரத்துக்கும் காப்புறுதிக்கும் கொண்டுபோய்ப் பார்ப்போம்.

லொறி எரிந்தால் யாருக்கு நட்டம்?

ஹகீம் இப்னு ஹிஸாம் என்ற நபித்தோழர் வியாபாரி. தன்னிடம் இல்லாத பொருளைக் கேட்டு ஆட்கள் வருகிறார்கள், முதலில் விற்றுவிட்டு அப்புறம் சந்தையில் வாங்கிக் கொடுக்கலாமா என்று நபிகளாரிடம் கேட்கிறார். "உன்னிடம் இல்லாததை விற்காதே" என்பது பதில். இன்னொரு ஹதீஸ், தன் பொறுப்பில் வராத பொருளிலிருந்து லாபம் எடுப்பதைத் தடுக்கிறது. இந்த இரண்டையும் சேர்த்துத்தான் சட்ட அறிஞர்கள் அளவுகோலை உண்டாக்கினார்கள்: விற்கிறவர் முதலில் சொந்தக்காரராக இருக்க வேண்டும், அந்தப் பொருள் கெட்டுப்போனால் நட்டம் அவர் தலையில் விழும் நிலை ஒரு நேரமாவது இருந்திருக்க வேண்டும். அப்போதுதான் அவர் எடுப்பது வியாபார லாபம்.

ஆகவே மூன்றாவது தாளுக்கும் நான்காவது தாளுக்கும் நடுவில் லொறி எரிந்துபோனால் நட்டம் வங்கிக்கு. அது அரை மணி நேரமாக இருந்தாலும் சரி.

வங்கிக்கு வேறொரு பயம் உண்டு. 36 லட்சம் போட்டு லொறியை வாங்கிய பிறகு, "எனக்கு வேண்டாம்" என்று வாடிக்கையாளர் போய்விட்டால்? முன்கூட்டியே இருவரையும் கட்டிப்போடும் ஒப்பந்தம் எழுதினால் அது கையில் இல்லாததை விற்றதாகிவிடும். இமாம் ஷாஃபிஈ (மறைவு 820) இதே நிலையைத் தன் 'அல்-உம்மு' நூலில் எழுதியிருக்கிறார். "இதை வாங்கு, உனக்கு இவ்வளவு லாபம் தருகிறேன்" என்று ஒருவன் சொல்ல, மற்றவன் வாங்கினால் அந்த வாங்கல் செல்லும். ஆனால் கேட்டவன் வாங்கலாம், வாங்காமலும் விடலாம். முன்னரே தங்களைக் கட்டிக்கொண்டால் செல்லாது. ஜோர்தானைச் சேர்ந்த சாமி ஹமூத் 1970களில் தன் ஆய்வில் இந்த வடிவத்தை எடுத்துத்தான் வங்கிக்கேற்ற முராபஹாவை அமைத்தார். ஆனால் 'வாங்காமலும் விடலாம்' என்ற பாதியை வைத்துக்கொண்டு எந்த வங்கியாலும் தொழில் செய்ய முடியாது.

இங்கேதான் மாலிகி மத்ஹப் என்னும் சட்ட மரபு உதவிக்கு வந்தது. மற்ற மத்ஹபுகளில் பெரும்பாலோர், வாக்கைக் காப்பாற்றுவது நற்குணம், ஆனால் நீதிமன்றம் அதை நிறைவேற்றித் தராது என்றார்கள். மாலிகிகளிடம் வேறொரு கருத்தும் உண்டு: உன் வார்த்தையை நம்பி ஒருவன் செலவில் இறங்கிவிட்டால் அந்த வார்த்தை உன்னைக் கட்டுப்படுத்தும். "வீட்டை இடி, கட்டுவதற்கு நான் கடன் தருகிறேன்" என்று சொல்லி, அவன் இடித்த பிறகு கைவிரிக்க முடியாது. சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி 1988 டிசம்பரில் குவைத்தில் கூடியபோது இந்த வழியைத்தான் எடுத்தது. ஒரு தரப்பு மட்டும் கொடுக்கும் வாக்கு, காரணத்தோடு இணைக்கப்பட்டு, அதை நம்பி மற்றவர் செலவில் இறங்கியிருந்தால் சட்டப்படியும் கட்டுப்படுத்தும். இரு தரப்பும் ஒன்றையொன்று கட்டிப்போட்டால் அது விற்பனையேதான். ஆகவே பொருள் கைக்கு வரும் முன் கூடாது.

வாக்கை மீறினால் என்ன கிடைக்கும் என்பதில்தான் வாக்குறுதிக்கும் ஒப்பந்தத்துக்கும் உள்ள வேறுபாடு கண்ணுக்குத் தெரிகிறது. நம் லொறிக்காரர் பின்வாங்கிவிட்டார், வங்கி அதை வேறொருவருக்கு 34 லட்சத்துக்குத் தள்ளிவிட்டது என்றால், அவரிடமிருந்து எடுக்கக்கூடியது உண்மையில் ஏற்பட்ட 2 லட்ச ரூபாய் நட்டம் மட்டும். கைநழுவிய 7,20,000 லாபத்தைக் கேட்க முடியாது. அவர் முன்பணம் கட்டியிருந்தால் 2 லட்சம் போக மீதியைத் திருப்பித் தர வேண்டும். விற்பனை முடிந்த பிறகு கதையே வேறு. விலை அப்போது கடனாகிவிடுகிறது, கடனை ஒரு சதம்கூடக் கூட்ட முடியாது. தவணை பிந்தினால் வங்கி வாங்கும் அபராதம் தருமத்துக்குப் போக வேண்டும், வங்கியின் வருமானக் கணக்கில் ஏறக் கூடாது.

இந்த ஏற்பாடு எங்கே பிசகும் என்பதைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு தேவையில்லை. தாள்களை வரிசையாக வைத்துத் தேதியையும் நேரத்தையும் பார்த்தால் போதும். நான்காவது தாளின் நேரம் மூன்றாவதற்கு முன்னால் இருக்கும். அல்லது லொறி விற்பவர் பழக்கதோஷத்தில் வாடிக்கையாளர் பெயருக்கே பில் போட்டிருப்பார். அல்லது வாடிக்கையாளர் போன வாரமே வண்டியை வாங்கி ஓட்டிக்கொண்டிருப்பார், இப்போது அந்தக் கடனை அடைக்கத்தான் பணம் தேவைப்படுகிறது. மூன்றிலுமே வங்கிக்கு ஒருபோதும் சொந்தமாகாத லொறியை வங்கி விற்றிருக்கிறது. கையில் மிஞ்சுவது 36 லட்சம் கொடுத்து 43 லட்சத்து 20 ஆயிரம் வாங்கிய வட்டிக் கடன். இந்த ஆபத்துக்காகத்தான், வாடிக்கையாளரையே முகவராக்குவதை அவசியம் வந்தால் மட்டும் செய்யச் சொல்கிறார்கள். பஹ்ரைனில் இருந்து இத்துறைக்கான தரநெறிகளை வெளியிடும் ஆயோஃபி அமைப்பு, அப்படி நியமித்தாலும் அவர் தனக்குத்தானே விற்றுக்கொள்ள முடியாது, வங்கி தனியாக விற்க வேண்டும் என்கிறது.

லொறி வேண்டாம், பணம்தான் வேண்டும் என்பவருக்கு வங்கிகள் தவர்ருக்கைக் காட்டுகின்றன. வங்கி ஏதோ ஓர் உலோகத்தையோ பாமாயிலையோ அவருக்குத் தவணைக்கு விற்று, அவர் சார்பில் அதையே ரொக்கத்துக்கு விற்றுப் பணத்தைக் கணக்கில் போடும். வாங்கிய பொருள் எங்கே இருக்கிறது என்பதே அவருக்குத் தெரியாது. தானே பொருளை வாங்கி, தானே சந்தையில் விற்பதைப் பல பழைய அறிஞர்கள் அனுமதித்திருந்தாலும், எல்லாவற்றையும் வங்கியே ஏற்பாடு செய்யும் இந்த வடிவத்தை ஃபிக்ஹ் அகாடமி 2009இல் ஷார்ஜா கூட்டத்தில் கூடாது என்று முடிவு செய்தது. மலேசியாவிலும் வளைகுடாவிலும் அது இன்றும் நடக்கிறது. அகாடமியின் முடிவு எந்த நாட்டுக்கும் சட்டம் அல்ல என்பதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மருத்துவமனையை விற்று, வாடகைக்கு எடுத்து, திரும்ப வாங்கி

கடன்பத்திரம் என்பது கடன். கடனுக்கு மேல் வாங்குவது வட்டி. கடனை விலை குறைத்தோ கூட்டியோ விற்பதையும் பெரும்பாலான அறிஞர்கள் ஏற்பதில்லை. ஆகவே சந்தையில் கைமாறும் பத்திரம் வேண்டுமென்றால் அது ஏதாவது சொத்தின் பங்கைக் குறிக்க வேண்டும். சுகூக் பிறந்தது இப்படித்தான்.

மலேசிய அரசு 2002இல் 60 கோடி டொலருக்கு ஐந்தாண்டு சுகூக் வெளியிட்டது. ஓர் அரசு உலகச் சந்தையில் வெளியிட்ட முதல் சுகூக் அது. அரசு தன் மருத்துவமனை உள்ளிட்ட சில நிலம்-கட்டடங்களை இதற்கென்றே தொடங்கப்பட்ட ஒரு நிறுவனத்துக்கு விற்றது. அந்த நிறுவனம் சுகூக் வாங்கியவர்கள் தந்த பணத்தில் விலையைக் கொடுத்தது. பிறகு அதே கட்டடங்களை அரசு வாடகைக்கு எடுத்தது. வாடகைதான் சுகூக் வைத்திருப்போருக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை போனது. ஐந்தாண்டு முடிவில் அரசு கட்டடங்களை அதே 60 கோடிக்குத் திரும்ப வாங்கிக்கொள்ளும் என்பது முதல் நாளே கொடுத்த வாக்குறுதி.

மறுபடியும் அந்த முதல் தாள்! விற்பனையும் வாடகையும் பழைய ஃபிக்ஹ் நூல்களில் பக்கம் பக்கமாக இருப்பவை. ஆனால் மூன்றையும் சேர்த்துக் கட்டியிருக்கும் கயிறு, திரும்ப வாங்குவேன் என்ற ஒருதரப்பு வாக்கு. பொருளை விற்று, வேறு விலைக்கு அதே ஆளிடம் திரும்ப வாங்குவதை ஈனா என்பார்கள். ஹனஃபி, மாலிகி, ஹன்பலி அறிஞர்களில் பெரும்பாலோர் அது வட்டிக்குப் போட்ட திரை என்று தடுத்தார்கள். இமாம் ஷாஃபிஈ, ஒப்பந்தத்தை அதன் வெளித்தோற்றத்தைக் கொண்டே தீர்ப்பளிப்பேன், உள்நோக்கம் இறைவனுக்கும் ஒப்பந்தம் செய்தவனுக்கும் இடையே உள்ளது என்ற நிலையில் நின்றார். ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றும் மலேசியா இந்த வழியில் வெகுதூரம் போனதற்கு இதுவும் காரணம். இலங்கையிலும் காயல்பட்டினம், கீழக்கரை போன்ற தமிழ்நாட்டுக் கடலோர ஊர்களிலும் நம்மவர்கள் அதே மத்ஹபைப் பின்பற்றுகிறவர்கள். ஆகவே இந்த வாதம் நமக்குத் தொலைதூர விஷயம் அல்ல. அந்த இமாம் வெளித்தோற்றத்தைப் பார்த்தது தனி ஆட்களின் மனதைத் தோண்டக் கூடாது என்பதற்காக. திரும்ப வாங்குவது காகிதத்திலேயே எழுதப்பட்டு, பல தாள்கள் ஒரே நாளில் கையெழுத்தாகும்போது உள்நோக்கத்தைத் தேட வேண்டிய தேவையே இல்லை. அது வெளித்தோற்றத்திலேயே இருக்கிறது. என் பார்வையில் ஷாஃபிஈயின் பெயரை இங்கே இழுப்பது அவருக்குச் செய்யும் நியாயம் ஆகாது.

இன்னும் பெரிய சிக்கல் முழாரபா, முஷாரகா என்ற கூட்டு வியாபார சுகூக்குகளில் வந்தது. கூட்டு வியாபாரத்தில் முதல் போட்டவர் நட்டத்தைத் தாங்க வேண்டும். வியாபாரத்தை நடத்துகிறவர் நம்பிக்கைக்குரிய பொறுப்பாளர். கவனக்குறைவோ மோசடியோ இல்லாமல் முதல் கரைந்தால் அவர் ஈடு தர வேண்டியதில்லை. ஆனால் சந்தையில் வந்த சுகூக்குகளில், முடிவு நாளில் முழு முகமதிப்புக்கு வாங்கிக்கொள்கிறேன் என்று நடத்துகிறவரே வாக்குக் கொடுத்திருந்தார். முதலுக்கு உத்தரவாதம் வந்துவிட்டால் அது கூட்டு வியாபாரம் அல்ல, கடன். ஆயோஃபியின் ஷரீஅத் குழுத் தலைவராக இருந்த பாகிஸ்தான் அறிஞர் முஃப்தி தகி உஸ்மானி 2007இல் இதை வெளிப்படையாகச் சொன்னபோது சந்தை ஆடிப்போனது. 2008 பிப்ரவரியில் ஆயோஃபி தன் நிலையை அறிவித்தது: முழாரபா, முஷாரகா, முகவர் சுகூக்குகளில் நடத்துகிறவர் முகமதிப்புக்கு வாங்குவதாக வாக்களிக்க முடியாது. அன்றைய சந்தை விலைக்கோ, சொத்தின் அன்றைய மதிப்புக்கோ, வாங்கும்போது பேசி முடிக்கும் விலைக்கோ வாக்களிக்கலாம்.

வாடகை சுகூக்கில் மட்டும் முகமதிப்பு வாக்கை அனுமதித்தார்கள். காரணம் நுட்பமானது: வாடகைக்கு இருப்பவர் கூட்டாளியோ முகவரோ அல்ல, அவர் யாருடைய முதலையும் காப்பவராக நிற்கவில்லை. ஒரு வீட்டில் குடியிருப்பவர், "ஐந்து வருடம் கழித்து இந்த விலைக்கு வாங்கிக்கொள்கிறேன்" என்று சொல்வதைப் போன்றது அது. ஒரே வாக்குறுதி, கொடுப்பவரின் நிலை மாறும்போது தீர்ப்பும் மாறுகிறது.

இது நீதிமன்றத்தில் என்ன ஆகும் என்பதை ஷார்ஜாவைச் சேர்ந்த டானா காஸ் நிறுவனத்தின் வழக்கு காட்டியது. 70 கோடி டொலர் முழாரபா சுகூக் 2017இல் முதிர்வடைய இருந்தது. அந்த ஆண்டு ஜூனில், இந்த சுகூக் ஷரீஅத்துக்கு உட்பட்டதல்ல, ஆகவே எமிரேட்ஸ் சட்டப்படி செல்லாது என்று பணம் கொடுக்க வேண்டிய நிறுவனமே அறிவித்தது. முழாரபா ஒப்பந்தம் எமிரேட்ஸ் சட்டத்தின் கீழ் எழுதப்பட்டிருந்தது. திரும்ப வாங்கும் வாக்குறுதியோ ஆங்கிலேயச் சட்டத்தின் கீழ். லண்டன் உயர்நீதிமன்றம் அந்த நவம்பரில் வாக்குறுதியைத் தனியே எடுத்துப் பார்த்து, அது செல்லும் என்றது. 2018இல் இரு தரப்பும் பேசி முடித்தன. ஷரீஅத்தில் எந்த வாக்குறுதி மீது கேள்வி எழுந்ததோ அதுவே சட்டத்தில் நின்றது. சுகூக் வாங்க நினைப்பவர் அறிக்கையில் முதலில் தேட வேண்டியதும் இதைத்தான்: பணம் வராமல் போனால் கட்டடத்தை எடுத்து விற்க உங்களுக்கு உரிமை உண்டா, அல்லது வாக்குறுதி கொடுத்தவரைத் துரத்த மட்டும்தான் உரிமையா? பெரும்பாலான சுகூக்குகளில் இரண்டாவதுதான். சொத்து பெயருக்கு விற்கப்பட்டிருக்கும், பதிவேட்டில் பழைய பெயரே இருக்கும். 2023இல் ஆயோஃபி வெளியிட்ட 62ஆம் தரநெறியின் வரைவு, உடைமை உண்மையாகவே கைமாற வேண்டும் என்று கேட்டது. துறையில் அதற்கு எழுந்த எதிர்ப்பே, எத்தனை சுகூக்குகள் அப்படி இல்லை என்பதைச் சொல்லிவிடுகிறது.

நன்கொடைக்குக் கைமாறு உண்டா?

காப்புறுதியைப் பற்றி முதலில் விரிவாக எழுதிய பழைய சட்ட அறிஞர்களில் ஒருவர் டமாஸ்கஸ் நகரத்து இப்னு ஆபிதீன் (மறைவு 1836). ஐரோப்பியக் கப்பல்களில் சரக்கு ஏற்றும் வியாபாரிகள் ஒரு தொகை கட்டுவார்கள், சரக்கு மூழ்கினால் கட்டணம் வாங்கியவர் ஈடு தருவார். அவர் தன் மீது கடமையில்லாத ஒன்றைப் பொறுப்பேற்கிறார், ஆகவே அந்த ஈட்டை வாங்குவது கூடாது என்று இப்னு ஆபிதீன் எழுதினார். 20ஆம் நூற்றாண்டில் சிரியாவின் முஸ்தஃபா ஸர்கா போன்றோர் அனுமதித்தார்கள். ஆனாலும் ஃபிக்ஹ் அகாடமி 1985இல் ஜித்தாவில், வணிகக் காப்புறுதியில் பெரும் கரர், அதாவது ஒப்பந்தத்தையே கெடுக்கும் நிச்சயமின்மை இருக்கிறது என்று தடுத்து, ஒருவருக்கொருவர் உதவும் கூட்டுறவுக் காப்புறுதியை மாற்றாக முன்வைத்தது.

மாற்று எப்படிச் செல்லும்? இரண்டிலும் பணம் கட்டுகிறோம், விபத்து வந்தால் வாங்குகிறோம், வருமா என்பது தெரியாது. பதில் மறுபடியும் மாலிகிகளிடம் இருந்து வந்தது. கராஃபி (மறைவு 1285) ஒரு வேறுபாட்டை வைத்தார். விற்பனையில் நிச்சயமின்மை இருந்தால் ஒருவன் ஏமாறுவான். நன்கொடையில் அப்படி இல்லை. ஓடிப்போன ஒட்டகத்தை உனக்குத் தந்தேன் என்றால், கிடைத்தால் லாபம், கிடைக்காவிட்டால் வாங்கியவனுக்கு எந்த நட்டமும் இல்லை. ஆகவே பிரீமியத்தை விலையாகப் பார்க்காமல், பொது நிதிக்கான நன்கொடையாக, தபர்ருஉ ஆக மாற்றினார்கள். இப்படி நடக்கும் கூட்டுறவுக் காப்புறுதிக்குத் தகாஃபுல் என்று பெயர்.

ஆயிரம் முச்சக்கர வண்டிக்காரர்கள் ஆளுக்கு 12,000 ரூபாய் போடுகிறார்கள் என்று கணக்குக்காக எடுத்துக்கொள்வோம். மொத்தம் 1 கோடி 20 லட்சம். நடத்தும் நிறுவனம் முகவர் கூலியாக 30 சதவீதம், 36 லட்சம் எடுத்துக்கொள்கிறது. மீதி 84 லட்சம் நிதிக்குப் போகிறது. அந்த நிதி நிறுவனத்துக்குச் சொந்தம் அல்ல. இந்த வருடம் விபத்துக்கு 60 லட்சம் போனால் மிச்சம் 24 லட்சம். அது நன்கொடை போட்டவர்களின் பக்கம் நிற்க வேண்டும்: அவர்களுக்குப் பகிரலாம், அடுத்த வருடத்துக்குச் சேமிக்கலாம், தருமம் செய்யலாம். ஆயோஃபி நிறுவனத்துக்கு இதில் பங்கில்லை என்கிறது. மலேசியா, நன்றாக நடத்தியதற்கான ஊக்கமாக நிறுவனம் ஒரு பகுதியை எடுக்க அனுமதிக்கிறது. எடுத்தால், விபத்து குறைய குறைய நிறுவனத்துக்கு லாபம். வணிகக் காப்புறுதி நிறுவனம் நிற்கும் அதே இடம்தான் அது.

மிச்சத்தைப் பகிர்ந்துவிட்ட பிறகு, அடுத்த வருடம் 95 லட்சம் போய்விட்டது, 11 லட்சம் பற்றாக்குறை என்றால்? நிறுவனம் வட்டியில்லாக் கடன் கொடுக்கும், பின்னால் வரும் மிச்சத்தில் திரும்ப எடுக்கும். கொடுக்கிறேன் என்பதும் ஒரு வாக்குறுதியே. மூன்றாவது வருடம் சேரும் புதிய வண்டிக்காரரின் நன்கொடையில் ஒரு பகுதி, அவர் பார்த்தே இராத விபத்துகளின் கடனுக்குப் போகிறது. நிறுவனம் பிற்பாடு கடனைத் தள்ளுபடி செய்தால் நட்டத்தைத் தாங்கியது நிறுவனம். அப்போது அது முகவரா, காப்புறுதி கொடுத்தவரா?

இதைவிட ஆழமான கேள்வி ஒன்று உண்டு. "நீ ஈடு தருவாய் என்பதால் நான் தருகிறேன்" என்று போடும் நன்கொடை நன்கொடையா? கைமாறு நிபந்தனையோடு தரும் அன்பளிப்புக்கு விற்பனையின் சட்டமே பொருந்தும் என்று பழைய நூல்கள் சொல்கின்றன. அப்படியானால் கராஃபியின் ஒட்டகம் கைவிட்டுப் போய்விடுகிறது. இதற்குத் தகி உஸ்மானி முன்வைத்த வழி வக்ஃபு. நிறுவனம் சிறு தொகையைக் கொண்டு முதலில் ஒரு வக்ஃபை உண்டாக்கும். வண்டிக்காரர்கள் அந்த வக்ஃபுக்குத் தருகிறார்கள். வக்ஃபு தன் விதிப்படி, விபத்தில் சிக்கும் உறுப்பினருக்குக் கொடுக்கிறது. கிணறு வெட்ட வக்ஃபு செய்தவர் தானும் அதில் தண்ணீர் எடுக்கலாம் அல்லவா, அவர் தந்ததற்கு அது விலை ஆகாது. பாகிஸ்தானில் தகாஃபுல் இந்த வடிவத்தில்தான் வளர்ந்தது. இதுவரை பார்த்த தீர்வுகளில் எனக்கு மிகவும் நேர்மையாகத் தெரிவது இதுதான், ஏனென்றால் இங்கே வாங்குகிறவருக்கும் கொடுக்கிறவருக்கும் நடுவில் உண்மையிலேயே மூன்றாவது உரிமையாளர் ஒருவர் இருக்கிறார், அவருக்கென்று தனிக் கணக்கும் இருக்கிறது.

லொறிக்காரருக்கும் அதே லொறிக்கு ஒரு தகாஃபுல் தாள் தருவார்கள். அதில் இரண்டு வரிகளைத் தேடச் சொல்வேன்: மிச்சம் யாருக்கு, பற்றாக்குறைக் கடனை யார் எப்போது அடைப்பது. முராபஹா தாள்களில் அவர் பார்க்க வேண்டியது இன்னும் எளிது. வங்கி வாங்கிய நேரம் எது, தனக்கு விற்ற நேரம் எது.